கரகமும் கும்பமும்: எங்கள் தெரு அம்மனைப் பெருமரபு, சிறுமரபு என்று பிரிக்க முடியுமா?

வியாசர்பாடி செல்வம்

தொலைநிலைக் கல்வியில் மானிடவியல் முதுகலை படிக்கிறேன். ஒரு கட்டுரை எழுதவேண்டும். எங்கள் தெரு அம்மன் கோயிலைப் பற்றியே எழுதலாம் என்று எடுத்துக்கொண்டு இப்போது முழிக்கிறேன்.

பாட்டி காலத்தில் வேப்பமரமும் அடியில் ஒரு கல்லும்தான். அப்புறம் தகரக் கொட்டகை. இப்போது சின்னதாக ஒரு விமானம் எழுப்பி, கல்லுக்குப் பின்னால் நான்கு கை அம்மன் சிலை வைத்து, குருக்கள்மாரை வரவழைத்துக் கும்பாபிஷேகமும் ஆகிவிட்டது. ஆடியில் வழக்கம்போல் காப்புக் கட்டி, கரகம் எடுத்து, கூழ் ஊற்றவேண்டும். கமிட்டியில் புதிதாக இரண்டு கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். ராத்திரி சோற்றைக் குவித்துப் படைக்கிற கும்பத்தைக் கோயிலுக்குள் போடக்கூடாது, அதோடு வைக்கும் கருவாட்டுக் குழம்பும் முட்டையும் அம்மன் முன்னால் வரக்கூடாதாம். சாமி வருகிறவர்கள் கம்பிக்கு அந்தப் பக்கமே நிற்கவேண்டும். தெருவில் பாதிப் பேர் கொதித்துப்போயிருக்கிறார்கள்.

வழிகாட்டி ஆசிரியர் சுலபமாகச் சொல்லிவிட்டார்: "ஊர் வழக்கமான சிறுமரபு, ஏட்டு வழியான பெருமரபாக உயர்கிறது, அமெரிக்க மானிடவியலாளர்கள் ராபர்ட் ரெட்ஃபீல்டையும் மில்டன் சிங்கரையும் வைத்து எழுது." ஆனால் யாகசாலைக்குச் செங்கல் சுமந்தவரும் கரகம் தூக்குகிறவரும் ஒரே ஆள். அவர் எந்த மரபு?

தண்டையார்பேட்டை தமிழ்மணி

இதில் குழம்ப என்ன இருக்கிறது? அம்மன் மண்ணின் தெய்வம். ரத்தம், கள், கருவாடு, சாமியாட்டம் இவைதான் அவள் வழிபாடு. ஏடு, மந்திரம், ஆகமம் எல்லாம் மேலே இருந்து வந்தவை. ஆகமத்துக்கும் பிடாரிக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. கும்பாபிஷேகம் செய்தால் கோயில் கைமாறிவிட்டது என்று அர்த்தம். எம்.என்.சீனிவாஸ் 1952இல் குடகு மக்களைப் பற்றி எழுதியபோதே இதற்குச் சமஸ்கிருதமயமாக்கம் என்று பெயர் வைத்துவிட்டார். அதை எழுதுங்கள், போதும்.

ஒற்றியூர் வாசு

தமிழ்மணி சார், ஒரு தடவை திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். மூவர் பாடிய தலம், சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர். இதைவிடப் பெரிய பெருமரபுக் கோயில் வடசென்னையில் கிடையாது. அதே மதிலுக்குள் வட்டப்பாறை அம்மன் இருக்கிறாள். காளி. உக்கிரமாக இருந்தவளை ஆதிசங்கரர் சாந்தப்படுத்தினார் என்பது தல புராணம். கண்ணகிதான் இங்கே வந்து அமர்ந்தாள் என்று சொல்கிறவர்களும் உண்டு. கம்பர் ராத்திரியில் ராமாயணம் எழுத இவளே பந்தம் பிடித்தாள் என்று கதை. "ஒற்றியூர் காக்க உறைகின்ற காளியே" என்று வெண்பாவே இருக்கிறது. உக்கிரமான காளியும் ஏடும் எழுத்தாணியும் ஒரே இடத்தில். எல்லாம் ஒன்றுதான் சார், நாம்தான் பிரிக்கிறோம்.

தண்டையார்பேட்டை தமிழ்மணி

சாந்தப்படுத்தினார் என்று நீங்களே சொல்கிறீர்களே. யார் யாரைச் சாந்தப்படுத்தினார்கள்? காளி சங்கரரைச் சாந்தப்படுத்தியதாக ஒரு தல புராணம் காட்டுங்கள், ஒன்று என்று ஒத்துக்கொள்கிறேன்.

பழைய வாத்தியார்

செல்வம், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெட்ஃபீல்டு இந்தச் சட்டகத்துக்கு வந்த வழி மெக்சிகோ. டெபோஸ்ட்லான் என்ற ஊரிலும் யுகடான் பகுதியிலும் வேலை செய்தவர். படித்த சிலர் கோயிலிலும் பள்ளியிலும் யோசித்து வளர்ப்பது பெருமரபு, பெரும்பாலோர் ஊரில் யோசிக்காமலே நடத்திவருவது சிறுமரபு என்று 1950களில் பிரித்தார். சிங்கர் 1954இல் நம் மெட்ராசுக்கு வந்து அதைச் சோதித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்து வே.ராகவன் போன்ற சமஸ்கிருத அறிஞர்கள்தான் அவருக்கு வாசல் திறந்துவிட்டவர்கள். அதனால் அவர் எழுத்தில் பஜனையும் சபாவும் பண்டிதரும் தொழிலதிபரும் கனமாக இருக்கிறார்கள். பேசின் பிரிட்ஜுக்கு இந்தப் பக்கம் அந்தக் கனம் இல்லை.

சட்டகத்தின் முதல் சிக்கல் அந்த 'யோசிக்காமல்' என்பதில் இருக்கிறது. கரகம் சோடிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? குடத்தில் தண்ணீர், மேலே வேப்பிலை, எலுமிச்சை, பூச்சுற்று. பம்பை அடித்து வர்ணித்து அம்மனை அதில் இறக்குகிறார்கள். இப்போது உங்கள் கும்பாபிஷேகத்தை நினைத்துப்பாருங்கள். குடத்தில் தண்ணீர், நூல் சுற்று, மாவிலை, தேங்காய், கூர்ச்சம். கலாகர்ஷணம் என்று ஒரு கிரியை செய்து, பழைய திருமேனியில் இருக்கும் அம்மனை அந்தக் குடத்துக்குள் வாங்கினார்கள். யாகசாலையில் பல காலம் பூசை. நாடி சந்தானத்தில் தர்ப்பைக் கயிறோ நூலோ கட்டி யாகசாலையிலிருந்து சிலை வரைக்கும் சக்தியைக் கொண்டுபோனார்கள். கடைசியில் கடம் புறப்பட்டு, தண்ணீர் கலசத்திலும் சிலையிலும் விழுந்தது. இரண்டு இடத்திலும் தெய்வம் குடத்துக்கு வருகிறது, குடத்திலிருந்து வேறொன்றுக்குப் போகிறது. அடிப்படை நுட்பம் ஒன்றுதான். அங்கே அவள் கல்லில் ஏறுகிறாள், இங்கே ஆளின் மேல் ஏறுகிறாள்.

ஆளின் மேல் ஏறுவது ஆகமத்துக்கு அந்நியம் என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. பூசைக்கு உட்காரும் சிவாசாரியார் முதலில் பூதசுத்தி செய்து, தன் உடம்பின் ஒவ்வோர் இடத்திலும் மந்திரத்தை வைத்துத் தன்னையே சிவமாக்கிக்கொள்கிறார். சிவமாகாதவன் சிவனைப் பூசிக்கக்கூடாது என்பது விதி. ஆனால் அவர் மேல் வந்த சிவன் வாய் திறப்பதில்லை. உங்கள் தெருவில் கரகக்காரர் மேல் வரும் அம்மன் பேசுகிறாள், "என் காணிக்கையை என்னடா செய்தீங்க?" என்று கமிட்டித் தலைவரையே கேட்கிறாள். ஏடு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதைவிட, தெய்வம் பேசலாமா, யார் வாயால் பேசலாம், அதை யார் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பாருங்கள். உங்கள் கமிட்டி போட்ட கம்பி அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்மணிக்கு ஒரு வார்த்தை. ஆகமத்துக்கும் பிடாரிக்கும் உறவில்லை என்பது நிற்காது. கோலாரில் கோலாரம்மன் கோயில் இருக்கிறது. அங்குள்ள ராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு யாமளம் என்ற நூல் மரபைச் சொல்கிறது. படையலில் மதுவும் உண்டு. தெற்கே கிடைத்த பிரம்மயாமள ஏடுகள் பத்திரகாளிக்கும் சப்த மாதர்களுக்கும் பிராமணரல்லாத பூசாரிகளை விதிக்கின்றன. சோழர் கல்வெட்டுகளில் காளி, பிடாரி கோயில்களில் கொட்டுவதும் பூசை செய்வதும் உவச்சர்கள். கள்ளும் ரத்தமும் கொட்டும் சேர்ந்த வழிபாட்டுக்கே சமஸ்கிருத நூல் இருந்திருக்கிறது. அதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

தண்டையார்பேட்டை தமிழ்மணி

நூல் இருந்தது, சரி. அந்த உவச்சருக்குக் கருவறையில் என்ன மரியாதை, குருக்களுக்கு என்ன மரியாதை? நீங்கள் "ஒரே நுட்பம்" என்று சொல்லும்போது யார் மேலே, யார் கீழே என்பது காணாமல் போகிறது. பெரியது, சிறியது என்ற சொல்லாவது அதை மறைக்கவில்லை.

பழைய வாத்தியார்

மேல் கீழ் உண்டு, அதை விடச்சொல்லவில்லை. ஆனால் சட்டகம் அந்த மேல் கீழை விளக்குவதில்லை, இயற்கை போல எடுத்துக்கொள்கிறது. சிறுமரபு தானாக மேலே ஏறுகிறது என்று எழுதிவிட்டால், கமிட்டியில் யார் கை ஓங்கியது, நன்கொடை யார் கொடுத்தார், கம்பி போட யார் சொன்னார் என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் போகும்.

மேகலா, காசிமேடு

படிப்பு விஷயம் எனக்குத் தெரியாது. கம்பி என்றதும் எழுதவேண்டும் போல இருந்தது. எனக்கு இருபது வயதிலிருந்து அங்காளம்மா வருகிறாள். வாரம் முழுக்க ஆபீசில் கணக்கு எழுதுகிற ஆள்தான் நான்.

வெளியே இருக்கிறவர்கள் யாராவது ஆடினால் எல்லாரும் நம்பிவிடுகிறோம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதலில் பம்பைக்காரர் நிறுத்திக் கேட்பார்: "வந்தது யாரு? எந்த ஊரு, எந்த எல்லை?" பேர் சொல்லவேண்டும். சொல்லத் தடுமாறினால் திரும்ப வர்ணிப்பார். சில சமயம் அம்மா வராமல் வீட்டில் செத்துப்போன யாராவது வந்திருப்பார்கள், இல்லை வேறு எதுவாவது. சந்தேகம் என்றால் கற்பூரம் ஏற்றிக் கையில் வைப்பார்கள். அதை வாங்கிச் சத்தியம் செய்தால்தான் குறி கேட்க ஆள் முன்னால் வரும். பொய்யாக ஆடுகிறவள் அங்கேயே தெரிந்துபோவாள். எலுமிச்சம்பழம் கொடுத்து, திருநீறு வைத்து, தண்ணி தெளித்து மலையேற்றுவது கடைசி.

கல்யாணமாகி வந்த தெருவில் கோயிலைப் பெரிதாக்கினார்கள். அந்த ஆடியில் எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. கமிட்டி ஆள் காதோடு, "அடக்கிக்கம்மா, குருக்கள் இருக்கார்" என்றார். அடக்கிக்கொள்ள முடிந்தால் அது எதற்குச் சாமி? ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்தக் குருக்கள் என்னைத் தடுக்கவே இல்லை. ஒதுங்கி நின்று கையெடுத்துக் கும்பிட்டார். தடுத்தது எங்கள் ஆட்கள்தான்.

ஒற்றியூர் வாசு

இதைத்தான் நானும் சொன்னேன். ஒன்றுதான்.

மேகலா, காசிமேடு

ஒன்று இல்லை சார். அவர் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். நான் வெளியே நின்றேன்.

புதுவண்ணை ராணி

வணக்கம். என் மகளுக்குப் பத்தொன்பது வயது. பம்பைச் சத்தம் கேட்டால் போதும், ஆட்டம் வந்துவிடுகிறது. பெயர் கேட்டால் எதுவும் சொல்வதில்லை, அழுகிறாள். பெரியபாளையத்துக்குக் கூட்டிப்போய் வேப்பஞ்சேலை கட்டி வலம் வரலாமா, புட்லூருக்குப் போகலாமா? இங்கே விவரம் தெரிந்தவர்கள் பேசுவதால் கேட்கிறேன்.

மேகலா, காசிமேடு

ராணி அக்கா, தனியாகச் செய்தி அனுப்புங்கள், பேசலாம். பெரியபாளையம் போங்கள், தப்பில்லை. பெயர் வராமல் அழுகிறாள் என்றால் அவசரப்பட்டுச் சாமி என்று முடிவு கட்டாதீர்கள். வீட்டில் எதையோ சொல்லமுடியாமல் இருக்கலாம். தூக்கம், சாப்பாடு சரியில்லை என்றால் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரையும் பாருங்கள். எங்கள் பம்பைக்காரரே ரெண்டு பேரை அப்படி அனுப்பியிருக்கிறார்.

பம்பை வீட்டுப் பையன்

நான் பேசலாமா? அப்பா, தாத்தா எல்லாம் பம்பை. நான் உடுக்கை, சிலம்பு. ஆடியில் எங்களுக்குத் தூக்கம் கிடையாது.

வாத்தியார் சொன்ன 'யோசிக்காமல்' என்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் தாத்தா கைப்பட எழுதிய நோட்டு இருக்கிறது. எந்தத் தெய்வத்துக்கு எந்த வர்ணிப்பு, எந்த வரியில் அடியை மாற்றவேண்டும், எதற்கு அப்புறம் எதைப் பாடக்கூடாது என்று எல்லாம் அதில் இருக்கிறது. அதுபோக மாரியம்மன் தாலாட்டு, பெரிய எழுத்துப் புத்தகங்கள். கொண்டித்தோப்பில் அச்சானவை, வடசென்னைச் சரக்குதான். எங்களுக்கும் ஏடு இருக்கிறது. அதைக் கோயிலில் வைத்துக் கும்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

கல்யாண வீட்டில் பூவாடைக்காரி அழைப்பது தெரியுமா? சுமங்கலியாய்ச் செத்த பெண்ணை, இல்லை வீட்டில் இறந்த மூத்தோரை, கல்யாணத்துக்கு முன்னால் தண்ணீர்க்கரைக்குப் போய் அழைத்துவருவோம். குடும்பத்தில் யாராவது ஒருத்தர் மேல் வந்து, மணப்பெண்ணைப் பார்த்துத் திருநீறு வைத்து ஆசீர்வாதம் சொல்லும். மறுநாள் காலையில் அதே வீட்டில் ஐயர் வந்து ஓமம் வளர்த்துத் தாலி எடுத்துக்கொடுப்பார். முதல் நாள் வேலை முடியாமல் ரெண்டாம் நாள் வேலையைத் தொடங்க வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அவர்களுக்கு அது ரெண்டு மதம் கிடையாது, ஒரு கல்யாணத்தில் ரெண்டு வேலை. ஆனால் கூலி மட்டும் ரெண்டு விதம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாசர்பாடி செல்வம்

நீங்கள் எல்லாரும் சொல்வதைப் பார்த்தால் இந்தச் சட்டகத்தைத் தூக்கிப்போட்டுவிடலாம் போல இருக்கிறது. வழிகாட்டியிடம் அப்படிச் சொல்லலாமா?

பழைய வாத்தியார்

அவசரப்படாதீர்கள். அந்தச் சட்டகத்தை வைத்தே அதன் ஓட்டையைக் காட்டியவர் மக்கிம் மாரியட். உத்தரப்பிரதேசத்தில் கிஷன் கடி என்று அவர் பெயர் மாற்றி எழுதிய ஊர், 1955இல் வந்த கட்டுரை. ஊரில் 19 திருவிழா. அவற்றில் 15க்கு ஏதோ ஒரு சமஸ்கிருத நூலில் ஆதாரம் இருந்தது, நான்குக்கு இல்லை. பார்த்தால் பெருமரபு ஊரை மூழ்கடித்துவிட்டது போலத் தெரியும். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், பாகவதத்தில் கண்ணன் தூக்கிய கோவர்த்தன மலை அங்கே சாணியில் செய்த மலையாகி, மாடு கன்றோடு முற்றத்தில் கிடக்கிறது. மேலிருந்து வந்தது கீழே கரைந்துவிட்டது. ஊர்த் தெய்வம் ஒன்று நூலுக்குள் ஏறுவதும் நடக்கிறது. இரண்டு திசையிலும் போக்குவரத்து உண்டு என்று அவர் காட்டினார். அந்த வேலை இன்னும் பயன்படும்.

குறை எங்கே என்றால், போக்குவரத்து என்று சொன்னாலே இந்தக் கரை, அந்தக் கரை என்று இரண்டை முதலில் ஒத்துக்கொண்டாகவேண்டும். நம் ஊரில் அந்த இரண்டு கரையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் எயினக் குலத்துச் சாலினி தெய்வமேறி ஆடிக் கண்ணகியைப் பார்த்து "கொங்கச் செல்வி குடமலையாட்டி" என்கிறாள். அது காவியம். சாமியாட்டம் அதற்குள்ளேயே இருக்கிறது.

இன்னும் எனக்குப் பிடித்தது நம்மாழ்வார். திருவாய்மொழியில் ஒரு பதிகத்தில் தோழி சொல்கிறாள்: குறி சொல்லும் கட்டுவிச்சி பேச்சைக் கேட்டு, பெருமாள் ஏக்கத்தில் கிடக்கும் இந்தப் பெண்ணுக்காகக் "கள்ளும் இறைச்சியும் தூவேன்மின்". ஊர்ச் சாமியாட்டம் வேண்டாம் என்கிறாள். அடுத்த பத்தில் இன்னொரு பதிகம். பெண் "கடல்ஞாலம் செய்தேனும் யானே" என்று பிதற்றுகிறாள். தாய் கேட்கிறாள், "கடல்ஞாலத்து ஈசன் வந்தேறக் கொலோ?" பெருமாளே மகள் மேல் ஏறிவிட்டானா என்று. ஊர்ச் சாமி ஏறினால் பொய், மால் ஏறினால் பக்தி. இதைப் பெருமாள் கோயில்களில் இன்றும் சேவிக்கிறார்கள். பெருமரபு சாமியேறுவதைத் தள்ளவில்லை, எந்தச் சாமி ஏறலாம் என்று பார்க்கிறது.

தண்டையார்பேட்டை தமிழ்மணி

அதாவது கம்பி அப்போதே இருந்திருக்கிறது.

பழைய வாத்தியார்

இதை ஒத்துக்கொள்கிறேன்.

ஒற்றியூர் வாசு

ஆழ்வாரையும் கமிட்டிக் கம்பியையும் ஒரே தட்டில் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. அது தத்துவம், ஆழ்வார் தன்னைப் பெண்ணாக நினைத்துப் பெருமாளைப் பாடும் நாயகி பாவம்.

பழைய வாத்தியார்

உரைகாரர்கள் அப்படித்தான் படித்தார்கள், வாசு. பாடலில் ஏறுதல் என்ற சொல்தான் இருக்கிறது. இதற்குமேல் நாம் இருவரும் ஒத்துப்போகப்போவதில்லை.

வியாசர்பாடி செல்வம்

நேற்று கமிட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்தேன். ஒருவர், "கோயிலில் பலி கூடாதென்று சட்டமே இருக்கிறது, கும்பம் போட்டால் போலீஸ் வரும்" என்றார். எல்லாரும் வாயடைத்துப்போனார்கள். அது உண்மையா?

பழைய வாத்தியார்

இல்லை. 1950இல் வந்த பலித் தடைச் சட்டம் பல காலம் பெயருக்குத்தான் இருந்தது. 2003இல் அரசு அதைக் கடுமையாக அமல்படுத்தச் சொன்னது, எதிர்ப்பு கிளம்பியது, 2004இல் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். அதுபோக கருவாட்டுக் குழம்பு எந்தச் சட்டத்திலும் பலி ஆகாது. அவர் சட்டத்தைச் சொன்னாரா, தன் கௌரவத்தைச் சொன்னாரா என்று கேளுங்கள்.

பம்பை வீட்டுப் பையன்

பல இடத்தில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அம்மனுக்குத் திரை போட்டுவிட்டு, வெளியே நிற்கும் போத்துராஜாவுக்கோ காத்தவராயனுக்கோ கறியும் கருவாடும் படைப்பார்கள். அம்மா சைவம், காவல்காரன் அசைவம். எல்லாருக்கும் வசதி.

மேகலா, காசிமேடு

வசதிதான். முன்னால் அம்மாவே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தண்டையார்பேட்டை தமிழ்மணி

இந்தத் திரை ஏற்பாட்டைத்தான் எழுதவேண்டும். ஒரே கோயிலுக்குள்ளேயே மேல் கீழ் உருவாக்கி, அம்மனுக்கும் காவல் தெய்வத்துக்கும் சாதி மாதிரி பந்தி பிரித்துவிட்டார்கள். இதில் எங்கே பெருமரபு வந்தது? குருக்கள் கேட்டாரா?

வியாசர்பாடி செல்வம்

கேட்டுப் பார்த்தேன். கும்பாபிஷேகம் செய்த குருக்களுக்கே போன் செய்தேன். மண்டலாபிஷேகம் 48 நாள் முடியும் வரை அசைவம் வேண்டாம் என்று மட்டும்தான் சொன்னாராம். அதற்கு அப்புறம் "ஊர் வழக்கம் ஊர்க்காரர் இஷ்டம்" என்றார். அந்த 48 நாளைக் கமிட்டி காலாகாலத்துக்கும் நீட்டிவிட்டது. ஏன் என்று விசாரித்தால், விமானத்துக்குப் பெரிய தொகை கொடுத்தவர் வெளியூரிலிருந்து குடும்பத்தோடு ஆடிக்கு வருகிறார், அவர் முன்னால் கருவாட்டு வாசனை வேண்டாம் என்கிறார்கள். சாமி வருகிறவர்களைத் தள்ளி நிறுத்தியதற்கு வேறு காரணம். போன வருடம் கரகக்காரர் மேல் வந்த அம்மா உண்டியல் கணக்கைக் கேட்டுவிட்டாளாம்.

பழைய வாத்தியார்

இதைத்தான் எழுதவேண்டும். கட்டுரையில் ரெட்ஃபீல்டுக்கு ஒரு பக்கம் கொடுங்கள், மாரியட்டுக்கு ஒரு பக்கம். மிச்சமெல்லாம் இந்தக் கம்பிக்கும் கும்பத்துக்கும் இருக்கட்டும். யார் எப்போது என்ன சொன்னார் என்று தேதிவாரியாக எழுதுங்கள். கமிட்டிக்காரர் பக்க நியாயத்தையும் அவர் வாயாலேயே வாங்குங்கள். அவருக்கும் ஒரு பக்தி இருக்கும், வெறும் கணக்கு என்று முடித்துவிடாதீர்கள்.

ஒற்றியூர் வாசு

வாத்தியார் கடைசியில் சொன்னதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கோயில் சுத்தமாக, அமைதியாக இருக்கவேண்டும் என்று நினைப்பதும் ஒரு பக்திதான். எங்கள் வீட்டுப் பெண்களே இந்த அம்மன் கோயில்களுக்கு இப்போதுதான் தைரியமாகப் போகிறார்கள்.

மேகலா, காசிமேடு

நாங்கள் எல்லாம் யார் வீட்டுப் பெண்கள் சார்?

பம்பை வீட்டுப் பையன்

செல்வம், ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவுக்கு அப்பாதான் பம்பை. காலை நாலு மணிக்குக் கரகம் சோடிப்பதிலிருந்து கூடவே இருந்து எழுதிக்கொள்ளுங்கள். நோட்டையும் காட்டுகிறேன். யார் வந்தது என்று கேட்டுச் சோதிக்கும்போது மட்டும் போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள், அப்பாவுக்குப் பிடிக்காது. கும்பத்தை எங்கே இறக்குவது என்று கமிட்டி இன்னும் எங்களிடம் சொல்லவில்லை. கம்பிக்கு வெளியே என்றால் அப்பா வருவாரா என்பதே சந்தேகம். இன்றைக்கு ராத்திரி கேட்டுச் சொல்கிறேன்.